வந்தவர் எத்தனை பேருக்குப் பங்கு கொடுத்தார்?

ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு. சராசரி உயரம் 162 செ.மீ. பத்தாவதாக ஒருவர் வந்து சேர்கிறார், சராசரி 1.5 செ.மீ. கூடுகிறது. வந்தவரின் உயரம் என்ன?

இந்தக் கணக்கைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் இரண்டு விடைகள் வரும். சிலர் 175.5 என்பார்கள், சிலர் 177. முதல் கூட்டம் 1.5-ஐ ஒன்பதால் பெருக்கியிருக்கும், இரண்டாவது கூட்டம் பத்தால். சரியான விடை 177. ஆனால் 177 சொன்னவர்களிலேயே பலருக்கு ஏன் பத்து என்று கேட்டால் பதில் இருக்காது, சூத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். அடுத்த கணக்கில் ‘சேர்ந்தார்’ என்பது ‘மாற்றாக வந்தார்’ என்று மாறியதும் இவர்களும் தடுமாறுவார்கள்.

சராசரியைப் பங்கீடாகப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். எல்லோரிடமும் இருப்பதை ஒன்றாகக் குவித்துச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு வருவது சராசரி. அப்படியானால் புதிதாக ஒருவர் வரும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் சராசரிக்கு மேல் எவ்வளவு மிச்சம் கொண்டுவந்தார், அது எத்தனை பேருக்குப் பிரிந்தது?

மேலே உள்ள குழுவில் பத்தாவது ஆள் சரியாக 162 செ.மீ. உயரம் என்றால் சராசரி அசையாது. அவர் அதைவிட உயரமாக இருந்ததால்தான் அசைந்தது. அந்த மிச்சம் ஒவ்வொருவருக்கும் 1.5 செ.மீ. என்று பிரிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு? பழைய ஒன்பது பேருக்கும், வந்தவருக்குமாகப் பத்துப் பேருக்கு. கொண்டுவந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதை மறந்தவர்தான் ஒன்பதால் பெருக்குகிறார். ஆகவே மிச்சம் 15, உயரம் 162 + 15 = 177. கூட்டித்தான் பார்ப்போமே: 9 × 162 = 1458, அதோடு 177 சேர்த்தால் 1635, பத்தால் வகுத்தால் 163.5. சரி. 175.5 போட்டுப் பாருங்கள்: 1633.5, பத்தால் வகுத்தால் 163.35. சராசரி 1.35 மட்டுமே கூடியிருக்கும். வந்தவரின் சொந்தப் பங்குக்கு எதையும் ஒதுக்காததால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஒருவர் விலகும்போது இதே கணக்கு தலைகீழாக ஓடும். பத்துப் பேரின் சராசரி 162, ஒருவர் போனதும் அது 163 ஆகிறது என்றால், மீதமிருக்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று கூடியிருக்கிறது. போனவர் 9 செ.மீ. குறையைத் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறார். அவர் உயரம் 153. இங்கே பங்கு பிரிவது ஒன்பது பேருக்குத்தான், போனவருக்குப் பங்கு கிடையாது. எப்போதும் மாற்றத்துக்குப் பிறகு குழுவில் இருப்பவர்களின் எண்ணிக்கையைத்தான் எடுக்க வேண்டும்.

இனி மாற்று ஆள். அதே ஒன்பது பேர். 158 செ.மீ. உயரமுள்ளவர் போகிறார், அவர் இடத்தில் ஒருவர் வருகிறார், சராசரி 1.5 செ.மீ. கூடுகிறது. இப்போது எண்ணிக்கை மாறவில்லை, ஒன்பதுதான். கூடிய மொத்தம் 13.5. இந்த 13.5 எதற்கு மேல்? இங்கேதான் கை நழுவும். சேரும்போது பழைய சராசரிக்கு மேல் என்று எண்ணினோம். மாற்றும்போது, போனவரின் அளவுக்கு மேல். ஒரு நாற்காலி காலியாகி உடனே நிரம்புகிறது. அந்த நாற்காலியில் முன்பு 158 இருந்தது, இப்போது 171.5 இருக்கிறது. மற்ற எட்டு நாற்காலிகளும் அசையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, பழைய சராசரி எவ்வளவு என்றே நாம் கேட்கவில்லை. 162 ஆக இருந்தாலும் 140 ஆக இருந்தாலும் வந்தவர் 171.5-தான். மாற்றுக் கணக்கில் சராசரியைக் கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் நம்மைத் திசைதிருப்பக் கொடுத்தது. அதேபோல, சேரும் கணக்கில் சராசரியைக் கொடுக்காமல் ‘எவ்வளவு கூடியது’ என்று மட்டும் சொன்னால் அந்தக் கணக்குக்கு விடையே இல்லை. எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்பது இவ்வளவு தெளிவாகப் பிரிவதால், கணக்கைப் போடும் முன்பே அது முழுமையான கணக்கா என்று சொல்லிவிடலாம்.

வயதுக் கணக்குகள் தனி ரகம், ஏனென்றால் அங்கே யாரும் வராமல் போகாமலே சராசரி ஏறும். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவின் சராசரி வயது, மூன்று ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே சராசரி வயதாக இன்றும் இருக்கிறது. இடையில் ஒரே ஒருவர் மாறியிருக்கிறார். யாரும் மாறாமல் இருந்திருந்தால் சராசரி 3 ஏறியிருக்கும், மொத்தம் 24 ஏறியிருக்கும். அந்த 24-ம் அந்த ஒரு நாற்காலியில்தான் கரைந்திருக்கிறது. ஆகவே வந்தவர் போனவரைவிட 24 வயது இளையவர். மாற்றம் முதல் ஆண்டில் நடந்ததா மூன்றாம் ஆண்டிலா என்று சிலர் குழம்புவார்கள். அது விடையை மாற்றாது. இருவருக்கும் இடையிலுள்ள வயது வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைவதில்லையே.

இதுவரை பார்த்தவை எல்லாம் துல்லியமான சராசரிகள். நிஜத்தில் நம் கைக்கு வருவது ஒரு தசமத்துக்குச் சுருக்கிய சராசரி. அங்கே இந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. 40 பேரின் சராசரி மதிப்பெண் 63.2. ஒருவர் சேர்ந்தபின் 41 பேரின் சராசரி 63.4. பங்கீட்டு முறைப்படி மிச்சம் 41 × 0.2 = 8.2, வந்தவரின் மதிப்பெண் 71.4. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 63.2 என்று எழுதியது உண்மையில் 63.15 முதல் 63.25 வரை எதுவாகவும் இருக்கலாம். பழைய மொத்தம் 2526-க்கும் 2530-க்கும் இடையில். 63.4 என்பது 63.35 முதல் 63.45 வரை, புதிய மொத்தம் 2597.35-க்கும் 2601.45-க்கும் இடையில். இரண்டையும் கழித்தால் வந்தவர் 67.35-க்கும் 75.45-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். எட்டு மதிப்பெண் அகலமான சந்து! சராசரியில் இருந்த கண்ணுக்குத் தெரியாத 0.05 பிசகை நாம்தான் நாற்பதால் பெருக்கிப் பெரிதாக்கினோம். குழு பெரிதாக ஆக இது மோசமாகும். ஆகவே சுருக்கிய சராசரியிலிருந்து தனி ஆளைத் தேடும்போது, எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தசமச் சுருக்கத்துக்கு அது ஏறக்குறையச் சரியாக வரும்.

(இதன் மறுபக்கமும் உண்டு. சுருக்காத சராசரியை ஆள் சேர்வதற்கு முன்னும் பின்னும் அப்படியே வெளியிட்டால், வந்தவரின் அளவை வெளியிட்டதற்குச் சமம். ரகசியமாக இருக்க வேண்டிய சம்பளம், மதிப்பெண் போன்றவற்றில் ‘சராசரியைத்தானே சொன்னோம்’ என்பது பாதுகாப்பே இல்லை.)

அடுத்து, ஒருவர் வருவதற்குப் பதிலாக ஒரு கூட்டமே வந்தால்? 40 பேரின் சராசரி 66. சராசரி 46 கொண்ட 10 பேர் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் 20 குறையோடு வருகிறார்கள், மொத்தக் குறை 200. அது ஐம்பது பேருக்குப் பிரியும், ஆளுக்கு 4. புதிய சராசரி 62. நிறையிட்ட சராசரி என்று தனிப் பாடமாகப் படிப்பது இவ்வளவுதான். தனி ஆள் என்பவர் ஒருவர் மட்டுமே உள்ள குழு. ‘சேர்ந்தார்’ கணக்கும் ‘இரு குழுக்களை இணைத்தார்கள்’ கணக்கும் ஒரே கணக்கு.

விடையைச் சரிபார்க்கத் தராசு போதும். 62-லிருந்து பெரிய குழு 4 தள்ளி இருக்கிறது, சின்னக் குழு 16 தள்ளி இருக்கிறது. 40 × 4 = 160, 10 × 16 = 160. இரண்டு தட்டும் சமம். இணைந்த சராசரி எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் விழும், அதுவும் பெரிய குழுவின் பக்கம் ஒட்டி விழும். வெளியே விழுந்தால் எங்கோ தவறு, இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

தராசைத் திருப்பியும் பயன்படுத்தலாம். ஒரு குழுவின் சராசரி 54, இன்னொன்றின் சராசரி 72, இணைந்த சராசரி 60. தூரங்கள் 6, 12. அருகில் இருப்பவர்கள்தான் அதிகம், எனவே ஆட்களின் விகிதம் 12-க்கு 6, அதாவது 2-க்கு 1. முதல் குழு இரண்டாவதைப் போல இரு மடங்கு. விகிதம்தான் கிடைக்கும், 20-ம் 10-ஆ, 200-ம் 100-ஆ என்று இதிலிருந்து சொல்ல முடியாது. குழுக்கள் மூன்றானால் விகிதம்கூடக் கிடைக்காது, ஏனென்றால் பல வேறு விகிதங்கள் அதே இணைந்த சராசரியைத் தரும்.

மூன்று குழுக்களில்தான் அந்தப் பழைய தவறும் நிறைய நடக்கிறது: சராசரிகளின் சராசரி. 20 பேர் சராசரி 80, 30 பேர் சராசரி 70, 50 பேர் சராசரி 60. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 70. உண்மையில்? 70-ஐயே அடையாளக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவின் மிச்சம் 20 × 10 = 200. நடுக்குழு கோட்டிலேயே இருக்கிறது. மூன்றாவதின் குறை 50 × 10 = 500. நிகரக் குறை 300, நூறு பேருக்குப் பிரித்தால் 3. சராசரி 67. இந்தத் தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். பெரிய குழுக்கள் கீழேயும் சின்னக் குழுக்கள் மேலேயும் இருந்தால் சராசரிகளின் சராசரி உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும், மாறியிருந்தால் சிறிதாக. அளவுகள் சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றே. சின்ன, தேர்ந்தெடுத்த பிரிவு ஒன்றும் பெரிய பொதுப் பிரிவு ஒன்றும் உள்ள எந்த இடத்திலும் சராசரிகளின் சராசரி அழகாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

விரிதாளில் எண்ணிக்கை B பத்தியிலும் சராசரி C பத்தியிலும் இருந்தால்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
```

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு குழுவின் சராசரி கிடைக்கவில்லை என்று அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் SUMPRODUCT அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும், ஆனால் அந்தக் குழுவின் எண்ணிக்கை கீழே வகுத்தியில் அப்படியே நிற்கும். பிழைச் செய்தி வராது, சராசரி மட்டும் சத்தமில்லாமல் சரியும். மற்ற குழுக்கள் எதன் சராசரியையும்விட விடை கீழே போயிருந்தால் முதலில் இதைத் தேடுங்கள். குறைந்த அளவில் சரிந்திருந்தால் கண்ணில் படவே படாது, கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எதை நிறையாக, அதாவது ஒவ்வொரு சராசரியையும் பெருக்கும் எண்ணாக, போடுவது என்பதில் ‘ஆட்களின் எண்ணிக்கை’ என்று மனப்பாடம் செய்திருப்பவர்கள் வேகத்தில் மாட்டுவார்கள். 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே தூரத்தை 60-ல் திரும்பினால் சராசரி வேகம் 50 இல்லை, 48. போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம், 240 கி.மீ.க்கு 5 மணி நேரம். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்து வந்தது. ஆகவே நிறை நேரம்தான். மெதுவாகப் போன பகுதிக்கு நேரம் அதிகம், அதனால் விடை 40 பக்கம் இழுக்கிறது. எதால் வகுத்து அந்த எண் வந்ததோ அதுவே நிறை. தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களால் வகுத்து வந்திருந்தால், பிரிவுகளை இணைக்கும்போது எழுதியவர்களின் எண்ணிக்கையைப் போட வேண்டும், பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையை அல்ல.

இவையெல்லாம் கணக்குப் பிழைகள், திருத்திவிடலாம். கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் ஏமாற்றுவது ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டில் அ பிரிவில் 30 பேர், சராசரி 80. ஆ பிரிவில் 10 பேர், சராசரி 50. மொத்தச் சராசரி 72.5. இரண்டாம் ஆண்டில் அ பிரிவில் 20 பேர், சராசரி 82. ஆ பிரிவிலும் 20 பேர், சராசரி 54. மொத்தச் சராசரி 68. இரண்டு பிரிவும் முன்னேறியிருக்கின்றன, மொத்தம் நாலரை இறங்கியிருக்கிறது. பிரிவுகளைப் பார்த்தவர் பாராட்டுவார், மொத்தத்தைப் பார்த்தவர் திட்டுவார், இருவர் கையிலும் இருப்பது சரியான எண்கள்.

இறக்கத்தை இரண்டாகப் பிரித்தால் வழக்கு தீரும். சராசரிகளைப் பழையபடி 80, 50 என்றே வைத்து, ஆட்களை மட்டும் 20, 20 என்று மாற்றுங்கள். மொத்தச் சராசரி 65. ஆக, ஆட்களின் கலவை மாறியதால் மட்டும் 7.5 இறங்கியது. பிறகு சராசரிகளை 82, 54 என்று உயர்த்துங்கள். பாதிப் பேருக்கு 2, பாதிப் பேருக்கு 4, சராசரியாக 3 ஏறுகிறது. மைனஸ் 7.5, பிளஸ் 3, நிகரம் மைனஸ் 4.5. முன்னேற்றம் உண்மை, இறக்கமும் உண்மை, இறக்கத்துக்குக் காரணம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது. வரிசையை மாற்றி, பழைய கலவையில் முதலில் சராசரிகளை உயர்த்தினால் ஏற்றம் 2.5 என்று வரும், கலவையின் பங்கு 7 ஆகும். அதனால் எந்த வரிசையில் பிரித்தோம் என்பதைக் கூடவே எழுதி வைக்காவிட்டால் இரண்டு பேர் இரண்டு எண்ணோடு சண்டை போடுவார்கள்.

ஆள் உள்ளே வருவதும் வெளியே போவதும் இல்லாமல், இடம் மட்டும் மாறினால்? முதல் குழுவில் 50, 60, 70, சராசரி 60. இரண்டாவதில் 72, 80, 94, சராசரி 82. அந்த 72-ஐ மட்டும் முதல் குழுவுக்கு மாற்றுங்கள். முதல் குழுவுக்கு அவர் 12 மிச்சத்தோடு வருகிறார், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3, சராசரி 63. இரண்டாவதிலிருந்து அவர் 10 குறையை எடுத்துப் போகிறார், இருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5, சராசரி 87. இரண்டும் ஏறின! ஒருவருடைய மதிப்பெண்ணும் மாறவில்லை. ஆறு பேரின் சராசரி முன்பும் 71, இப்போதும் 71. இடம் மாறுபவர் போகும் குழுவின் சராசரிக்கு மேலும், விடும் குழுவின் சராசரிக்குக் கீழும் இருந்தால் போதும், எப்போதும் இப்படித்தான் நடக்கும்.

அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் சொன்னதாக வழங்கும் ஒரு கிண்டலையொட்டி இதை வில் ரோஜர்ஸ் விளைவு என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் சகாக்களும் 1985-ல் நுரையீரல் புற்றுநோய்த் தரவுகளில் இதைக் காட்டினார்கள். புதிய படமெடுக்கும் கருவிகள் வந்தபின், முன்பு தெரியாமல் இருந்த சிறு பரவல்கள் தெரியத் தொடங்கின. அதனால் முன்பானால் ‘ஆரம்ப நிலை’ என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய நோயாளிகள் சிலர் இப்போது ‘முற்றிய நிலை’ என்று எழுதப்பட்டார்கள். ஆரம்ப நிலைக் குழுவில் அவர்கள்தான் உடல்நிலை மோசமானவர்கள், முற்றிய நிலைக் குழுவிலோ மற்றவர்களைவிடத் தேவலை. எனவே ஒவ்வொரு நிலையிலும் பிழைத்திருப்போர் விகிதம் ஏறியது, எந்தத் தனி நோயாளிக்கும் எதுவும் மாறாமலே. கருவி எதைக் கண்டுபிடித்தாலும் மாறாத ஒன்றை, அதாவது நோயாளியின் அறிகுறிகளை வைத்துப் பழைய கூட்டத்தையும் புதிய கூட்டத்தையும் பிரித்துப் பார்த்தபோது இரண்டின் பிழைப்பு விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.